ரெண்டு மாசக் காய்ச்சல், கல்லு மாதிரி மண்ணீரல்: நம்ம எல்லைப் பக்கம் காலா அசாரை எப்படிக் கண்டுபிடிக்கிறது

செங்கோட்டையில ஒரு லேப்ல பத்தொன்பது வருஷமா வேலை பாக்குறேன். எங்ககிட்ட வர்ற ரத்தத்துல பாதி தமிழ்நாட்டுப் பக்கத்து ரத்தம், பாதி கோட்டைவாசல் தாண்டி கேரளாவுல ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துல இருந்து வர்றது, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறவங்க, லைன் வீட்டுல குடியிருக்கிறவங்க. காய்ச்சல்னு வந்தா மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், டெங்கு, இந்த அஞ்சத்தான் எல்லாரும் நினைப்பாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். என் மாமா பையனுக்கு காலா அசார் வந்து, அது என்னன்னு தெரியறதுக்குள்ள பத்து வாரம் போயிருச்சு. அந்தப் பத்து வாரத்துல எங்க எங்க வழி தவறுச்சுன்னுதான் இதை எழுதுறேன்.

காலா அசார்னா கருங்காய்ச்சல். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசத்துல சில மாவட்டம், அங்கதான் இது ஊரோட இருக்கிற நோய். அதனாலயே நம்ம பக்கத்து டாக்டருங்க மனசுல சட்டுனு வராது. ஆனா கேரள மலையோரத்துல அங்கங்க ஒண்ணு ரெண்டு கேஸ் வந்துக்கிட்டுத்தான் இருக்கு, வெளியூர் போகாதவங்களுக்கும் வந்திருக்கு. அகஸ்தியமலைக் காட்டுக்குள்ள காணி மக்கள்கிட்ட இதே கிருமியால தோல்ல மட்டும் புண்ணா வர்ற வகையையும் பதிவு பண்ணியிருக்காங்க. கிருமியைச் சுமக்கிற மணல் ஈ நம்ம பக்கமும் இருக்கு. மாட்டுத்தொழுவம், மண் சுவர் விரிசல், ஈரமும் இருட்டும் உள்ள மூலை, அதுதான் அதோட வீடு. ரெண்டு மூணு மில்லி மீட்டர்தான் இருக்கும், சத்தம் போடாது, தத்தித் தத்திப் பறக்கும், சாதாரணக் கொசுவலை ஓட்டைக்குள்ள நுழைஞ்சிரும், பொழுது சாய்ஞ்சதுல இருந்து விடியிற வரைக்கும் கடிக்கும்.

மச்சானுக்கு வயசு 38. தென்மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல பால் வெட்டுற வேலை, வீட்டை ஒட்டியே தொழுவம். முதல்ல சாயங்காலம் குளிர் எடுத்துக் காய்ச்சல், காலையில சரியா இருப்பான், வேலைக்கும் போயிருவான். இதுல ஏமாந்துதான் போறோம், ஏன்னா இந்த நோய்ல ஆரம்பத்துல ஆள் பெரும்பாலும் படுத்த படுக்கையா ஆகுறதில்ல, நல்லாப் பசிக்கும், நடமாடுவாங்க, ஆனா உடம்பு மட்டும் கரைஞ்சுக்கிட்டே போகும். 57 கிலோ இருந்தவன் 48 ஆயிட்டான். அவன் வீட்டுக்காரி ஒரு நாள் போன்ல, "அண்ணே, காய்ச்சல் ஒரு பக்கம் கிடக்கட்டும், இவுக இடது வயித்துல என்னமோ கல்லு மாதிரி தட்டுப்படுது, தொட்டுப் பாருங்க"ன்னுச்சு. போய்ப் பாத்தேன். விலா எலும்புக்குக் கீழ நாலு விரல் வைக்கிற இடத்துல கெட்டியா, வழவழன்னு மண்ணீரல். அமுக்குனா வலிக்கல.

கிருமி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் ரிப்போர்ட்ல இருக்கிற நம்பரெல்லாம் புரியும். உடம்புல குப்பை பொறுக்குற செல் ஒண்ணு இருக்கு, மேக்ரோஃபேஜ்னு சொல்வோம். கிருமியைத் தின்னு அழிக்கிறதுதான் அதோட வேலை, ஆனா காலா அசார் கிருமியான லீஷ்மேனியா அதுக்குள்ளயே போய் உக்காந்து குட்டி போடும். இந்த செல் அதிகமா இருக்கிற இடம் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை மூணும்தான், அதனால மூணும் பாதிக்கும். மண்ணீரல் வீங்குனா ரத்த அணுக்களை உள்ள இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும், மஜ்ஜையில உற்பத்தியும் குறையும், அதனால சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் மூணும் ஒண்ணா இறங்கும். மச்சானுக்கு ஹீமோகுளோபின் 7.8, வெள்ளணு 2100, பிளேட்லெட் 78 ஆயிரம். சாதாரண பாக்டீரியா காய்ச்சல்னா வெள்ளணு கூடியிருக்கும், இங்க நேர் எதிரா இருக்கு. இதுதான் முதல் அடையாளம்.

ரெண்டாவது அடையாளம் யாரும் திரும்பிப் பாக்காத புரோட்டீன் ரிப்போர்ட். மொத்தப் புரதம் 9.2, அல்புமின் 2.6, அப்ப குளோபுலின் 6.6. அல்புமின் குளோபுலினை விட அதிகமா இருக்கணும், இங்க தலைகீழா இருக்கு. காரணம் இந்தக் கிருமி உடம்பைத் தூண்டி, எந்த எதிரியையும் குறி வைக்காம கண்டபடி ஆன்டிபாடியை உற்பத்தி பண்ண வைக்குது. இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, அப்படி ஊறுற ஆன்டிபாடியில சிலது வேற டெஸ்ட்ல தப்பா பாசிட்டிவ் காட்டும். மச்சானுக்கு டைபாய்டுக்குப் பாக்குற விடால் டெஸ்ட் 1:160 வந்துச்சு, டைபாய்டுன்னு பத்து நாள் ஊசி போட்டாங்க, ஒண்ணும் ஆகல, அப்புறம் வேற மருந்து மாத்தி இன்னொரு வாரம். மூட்டுவாதம், லூபஸ் டெஸ்ட்கூட சில பேருக்கு இப்படிப் பொய்யா பாசிட்டிவ் வரும், அதை நம்பி ஸ்டீராய்டு ஆரம்பிச்சிட்டா கிருமிக்குக் கொண்டாட்டம்தான். ஒரு விடால் பாசிட்டிவை மட்டும் வச்சுக்கிட்டு ரெண்டு வாரக் காய்ச்சலுக்குப் பேர் வைக்காதீங்கன்னு எங்க லேப்ல இப்ப ரிப்போர்ட் குடுக்கும்போதே வாயால சொல்லிருவேன்.

அந்தக் கட்டத்துல மண்ணீரல் பெருசா இருக்கே, அணுக்கள் எல்லாம் குறைஞ்சிருக்கேன்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க, பேர் வேண்டாம். அங்க ரத்தப் புற்றுநோயா இருக்குமோன்னு எலும்பு மஜ்ஜை எடுத்தாங்க. அவங்க சந்தேகம் தப்பு இல்ல, நானா இருந்தாலும் அதைத்தான் முதல்ல நினைப்பேன். பெரிய மண்ணீரலும் காய்ச்சலும் சேர்ந்தா லிம்போமா, லுக்கீமியா, பரவுன காசநோய், ஆடு மாடு வளக்குறவங்களுக்கு வர்ற புரூசெல்லா, நாள்பட்ட மலேரியா, கல்லீரல் சுருக்கம், எல்லாத்தையும் பாத்துத்தான் ஆகணும். ரிப்போர்ட்ல "புற்று செல் இல்லை, மஜ்ஜை நல்லா வேலை செய்யுது"ன்னு வந்துச்சு. அதோட ரத்த அணுக்களை உடம்பே தின்னுற மாதிரி இருக்குன்னு ஒரு வரி. அதுக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாமான்னு பேச்சு ஓடுச்சு. அப்ப ஒரு சின்ன வயசு டாக்டர், "இவருக்கு ஆர்கே39 பாத்தீங்களா"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விதான் எல்லாத்தையும் மாத்துச்சு.

ஆர்கே39 ஒரு ஸ்ட்ரிப் டெஸ்ட். விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டு, மேல ரெண்டு மூணு சொட்டு திரவம், பத்து நிமிஷம். கர்ப்பப் பரிசோதனை மாதிரியே கன்ட்ரோல் கோடு வரணும், டெஸ்ட் கோடு மங்கலா வந்தாலும் பாசிட்டிவ்தான். கன்ட்ரோல் கோடு வரலைன்னா அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுக்கணும். இந்தியாவுல நோய் உள்ளவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல இதுல பிடிபடும். ஆனா இது தேடுறது ஆன்டிபாடியைத்தான், கிருமியை இல்ல. இதுல இருந்து வர்ற மூணு விஷயத்தை மறக்கக் கூடாது. கிருமி உள்ள ஊர்ல நோயே வராத நல்ல ஆளுக்கும் பாசிட்டிவ் வரலாம், அதனால ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல், பெரிய மண்ணீரல் ரெண்டும் உள்ளவங்களுக்கு மட்டும்தான் இந்த டெஸ்ட்டுக்கு அர்த்தம் உண்டு. குணமானதுக்கு அப்புறமும் வருஷக்கணக்குல பாசிட்டிவாவே இருக்கும், அதனால முன்னாடியே ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்ப வந்திருக்கான்னு பாக்க இது உதவாது. எச்ஐவி உள்ளவங்களுக்கு ஆன்டிபாடி சரியா உருவாகாம நெகட்டிவ் காட்டிரலாம், அதனால எச்ஐவி டெஸ்ட்டையும் கூடவே எடுத்துருவாங்க.

மச்சானுக்குப் பாசிட்டிவ். ஆனா நம்ம பக்கம் இந்த நோய் அபூர்வம்ங்கிறதால ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பி நிக்க முடியாது, கிருமியைக் கண்ணால பாத்தாத்தான் எல்லாருக்கும் நிம்மதி. அப்பத்தான் முன்னாடி எடுத்த அதே மஜ்ஜை ஸ்லைடைத் திரும்ப எடுத்தாங்க. வேற ஊசி குத்தல, புதுசா ஒண்ணும் எடுக்கல, அதே ஸ்லைடுதான். இந்தத் தடவை என்ன தேடணும்னு தெரிஞ்சு தேடுனாங்க, கிடைச்சுச்சு.

என்ன தேடுறதுன்னு எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விரிவா சொல்றேன். லீஷ்மேன் சாயமோ ஜீம்சாவோ போட்ட ஸ்லைடுல, ஆயில் லென்ஸ்ல, மேக்ரோஃபேஜுக்குள்ளயோ அது உடைஞ்சு வெளியில சிதறியோ, ரெண்டுல இருந்து நாலு மைக்ரான் நீளத்துக்கு முட்டை வடிவத்துல இருக்கும், எல்டி பாடின்னு பேரு. உள்ள ரெண்டு புள்ளி தெரியணும், ஒண்ணு வட்டமா பெரிய உட்கரு, இன்னொண்ணு குச்சி மாதிரி சின்னதா, கருத்து. அந்தக் குச்சிதான் உயிர்நாடி. அது தெரியலைன்னா எல்டி பாடின்னு எழுதக் கூடாது, ஏன்னா சிவப்பணு மேல ஒட்டியிருக்கிற பிளேட்லெட்டும் ஹிஸ்டோபிளாஸ்மான்னு ஒரு பூஞ்சையும் அச்சு அசலா இதே மாதிரி ஏமாத்தும், அந்தப் பூஞ்சைக்குக் குச்சி கிடையாது. இன்னொண்ணு பொறுமை. லென்ஸ்ல ஒரு நேரத்துல தெரியுற வட்டம்தான் ஒரு ஃபீல்டு, அப்படி ஆயிரம் ஃபீல்டு பாத்து ஒண்ணும் இல்லைன்னாத்தான் இல்லைன்னு எழுதணும், ஆயிரத்துல ஒண்ணு கிடைச்சாலும் பாசிட்டிவ்தான். புற்று செல்லைத் தேடுறவங்க ஆயிரம் ஃபீல்டு ஓட்ட மாட்டாங்க, அவங்க வேலையே வேற. முதல் ரிப்போர்ட் தப்பான ரிப்போர்ட் இல்ல, அதுகிட்ட கேட்ட கேள்வி வேற, அவ்வளவுதான். மஜ்ஜை அனுப்பும்போது "எல்டி பாடி தேடவும்"னு சீட்டுல ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

மஜ்ஜையில பாத்தா பத்துல ரெண்டு மூணு பேருக்குத் தப்பிப் போகவும் வாய்ப்பு இருக்கு, மோசமா எடுத்தா அதுக்கு மேலயும் தப்பும். மண்ணீரல்லயே ஊசி போட்டு எடுத்தா கிட்டத்தட்ட எல்லாருக்கும் பிடிபடும், ஆனா உள்ள ரத்தம் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. பிளேட்லெட் 40 ஆயிரத்துக்குக் கீழ இருந்தாலோ ரத்தம் உறைய நேரமானாலோ தொடவே மாட்டாங்க, பழக்கப்பட்ட கை இல்லாத இடத்துலயும் செய்யக் கூடாது. அந்த மாதிரி சமயத்துல ரத்தத்துலயோ மஜ்ஜையிலயோ பிசிஆர் பாக்கலாம், ஆனா அது பெரிய சென்டர்லதான் கிடைக்கும். இந்த எல்டில எல் லீஷ்மேன், டி டோனோவான். சார்லஸ் டோனோவான் நம்ம மெட்ராஸ்ல வேலை பாத்தவர், 1903ல அங்க வந்த நோயாளியோட மண்ணீரல்ல இருந்துதான் இதைப் பாத்தாரு. சென்னையில கண்டுபிடிச்ச கிருமியை வடநாட்டு நோய்னு நம்ம மறந்துபோயிட்டோமேன்னு எனக்கு வருத்தமா இருக்கு.

அந்த ஸ்டீராய்டு பேச்சையும் சொல்லியாகணும். காலா அசார் முத்துனா, அணுக்களை உடம்பே தின்னுற நிலை உண்மையாவே வரும், இரும்புச்சத்தைச் சேத்து வைக்கிற ஃபெரிட்டின்ங்கிற புரதம் ரத்தத்துல ஆயிரக்கணக்குல ஏறும். ஆனா அதுக்கு வேர் கிருமிதான், கிருமிக்கு மருந்து போட்டா பெரும்பாலும் அதுவும் சேர்ந்து அடங்கிரும். கிருமி இருக்கான்னு தேடாம எதிர்ப்பு சக்தியை அமுக்குற மருந்து குடுத்தா ஒரு நாலு நாள் காய்ச்சல் விட்ட மாதிரி தெரியும், அப்புறம் ஆள் கையை மீறிப் போயிரும்.

இப்ப மருந்துக்கு வர்றேன். இந்தியாவுல இப்ப முதல் மருந்து லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி, கிலோவுக்கு 10 மில்லி கிராம், ஒரே ஒரு தடவை டிரிப்ஸ்ல. மச்சான் 48 கிலோ, அப்ப 480 மில்லி கிராம். ஒரு குப்பியில 50, அதனால பத்துக் குப்பி. 2010ல பீகார்ல நடந்த ஆய்வுல இந்த ஒத்தை டோஸ்லயே ஆறு மாசம் கழிச்சும் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல குணமா இருந்தாங்க, அதுக்கு அப்புறம்தான் அரசாங்கத் திட்டத்துலயும் இது வந்துச்சு. அந்தத் திட்டத்துல இலவசம், ஆனா ஸ்டாக் பெரும்பாலும் வடக்கேதான் இருக்கும், அதனால நம்ம பக்கம் கேஸ் உறுதியானவுடனே மாவட்ட மலேரியா ஆபீசுக்கு ஆஸ்பத்திரியில இருந்து தகவல் போகணும். வெளியில வாங்குனா பத்துக் குப்பிக்குக் குடும்பமே கடனாளி ஆயிரும்.

இங்கதான் ரொம்ப ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம். ஆம்போடெரிசின்னு கடையில கேட்டா முக்கியமா மூணு வகை கிடைக்கும், மூணுமே 50 மில்லி கிராம் குப்பியாவும் வரும். ஒண்ணு லைப்போசோமல், ஒண்ணு லிப்பிட் காம்ப்ளெக்ஸ், ஒண்ணு பழைய சாதா வகை, டீஆக்ஸிகோலேட். சாதா வகையை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 மில்லி கிராம் வரைக்கும்தான் குடுப்பாங்க, ஒன்னரையைத் தாண்டவே கூடாது. கிலோவுக்கு 10ன்னு எழுதுன சீட்டை வச்சுக்கிட்டு சாதா குப்பியை ஏத்துனா இதயம் நின்னுரும், அப்படி உயிர் போன சம்பவங்கள் உலகத்துல நடந்திருக்கு. சீட்டுல வெறும் ஆம்போடெரிசின்னு எழுதாம லைப்போசோமல்னு முழுசா எழுதணும், மருந்துக் கடைக்காரர், நர்ஸ், கூட இருக்கிற சொந்தக்காரங்க எல்லாரும் குப்பி மேல அந்த வார்த்தையைப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலை. நான் பத்துக் குப்பியையும் ஒவ்வொண்ணா வாசிச்சேன், வார்டு சிஸ்டரும் கோவிச்சுக்கல, கூடவே வாசிச்சாங்க.

குப்பியில ஊசித் தண்ணி 12 மில்லி விட்டு நல்லாக் குலுக்கி, வடிகட்டி வழியா எடுத்து, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்ல கலந்தாங்க. உப்புத் தண்ணி டிரிப்ஸ்ல கலந்தா மருந்து திரிஞ்சு போயிரும், ஏற்கனவே உப்புத் தண்ணி ஓடுன லைனா இருந்தாலும் முதல்ல டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவணும். முதல்ல 1 மில்லி கிராம் மட்டும் பத்து நிமிஷம் ஓடவிட்டு அரை மணி நேரம் பாத்தாங்க, அப்புறம் மீதி ரெண்டு மணி நேரத்துல. நடுவுல மச்சானுக்கு நடுக்கமும் இடுப்பு வலியும் வந்துச்சு, நிறுத்திட்டு, சரியானதும் மெதுவா ஓட்டுனாங்க. முன்னாடியும் பின்னாடியும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாத்தாங்க, இந்த மருந்து சிறுநீரகத்தைத் தொடும், பொட்டாசியத்தை இறக்கும்.

லைப்போசோமல் கிடைக்காட்டி வேற வழியும் இருக்கு. சாதா ஆம்போடெரிசினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பதினஞ்சு தடவைக்கு மேல ஏத்தலாம், ஆனா ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலயே கிடக்கணும். மில்டெஃபோசின் வாயில போடுற கேப்சூல், 28 நாள். இது வயித்துல இருக்கிற குழந்தையைப் பாதிக்கும், அதனால கர்ப்பிணிக்குக் குடுக்கவே கூடாது, மத்த பெண்கள் சாப்பிடும்போதும் முடிஞ்சு அஞ்சு மாசம் வரைக்கும் கண்டிப்பா கருத்தடையில இருக்கணும். மில்டெஃபோசினையும் பரோமோமைசின் ஊசியையும் சேத்து பத்து நாள் குடுக்கிற முறையும் உண்டு. பழைய ஆன்டிமணி ஊசிக்கு பீகார்ல கிருமி மசியாமப் போயிருச்சு, அதனால இங்க அதைத் தொடுறதில்ல. எச்ஐவி சேர்ந்திருந்தா ஒத்தை டோஸ் போதாது, லைப்போசோமலைப் பல நாளாப் பிரிச்சு மொத்தம் கிலோவுக்கு 30 வரைக்கும், கூட 14 நாள் மில்டெஃபோசின்.

மச்சானுக்கு அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. மண்ணீரல் அப்படியே இருந்துச்சு, வீட்டுல எல்லாரும் பயந்தாங்க, மருந்து வேலை செய்யலையோன்னு. அது மாசக்கணக்குல மெதுவாத்தான் சுருங்கும், முதல்ல காய்ச்சல் போகணும், அப்புறம் எடை ஏறணும், அணுக்கள் ஏறணும், அந்த வரிசையில நடந்தா போதும். முப்பதாம் நாள் ஹீமோகுளோபின் 10.1, எடை 51. ஆறாம் மாசம் விலாவுக்குக் கீழ கையில தட்டுப்படல, அன்னைக்குத்தான் குணம்னு எழுதுனாங்க. இடையில அவன் ஆசைக்கு வேற ஒரு லேப்ல ஆர்கே39 எடுத்துட்டு, பாசிட்டிவ் வந்திருச்சுன்னு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணி அழுதான். அந்தக் கோடு இன்னும் சில வருஷம் இருக்கும்டா, உன் எடையையும் காய்ச்சலையும் பாருன்னு சொன்னேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. குணமானவங்கள்ல சில பேருக்கு மாசமோ வருஷமோ கழிச்சு முகத்துல, வாயைச் சுத்தி, கையில வெளிறுன தேமல் வரும், அப்புறம் சின்னச் சின்ன முடிச்சா மாறும். தொழுநோய்த் தேமல்னு குழப்பிக்குவாங்க, ஆனா இதுல தொட்டா உணர்ச்சி இருக்கும். ஆளுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா அந்தத் தோல்ல கிருமி இருக்கு, மணல் ஈ கடிச்சா அங்க இருந்து அடுத்தவங்களுக்குப் போகும். அதுக்கு மில்டெஃபோசினை 12 வாரம் குடுப்பாங்க, அவ்வளவு நாள் சாப்பிடும்போது கண் சிவந்தாலோ பார்வை மங்குனாலோ உடனே நிறுத்திட்டுக் காட்டணும். மச்சான் வீட்டுக்காரிகிட்ட, தினம் அவன் ஷேவ் பண்ணும்போது முகத்தைப் பாத்துக்கோ தாயின்னு சொல்லியிருக்கேன். தொழுவத்தை வீட்டுல இருந்து தள்ளி மாத்திட்டாங்க, சுவர் விரிசலைப் பூசி, மருந்தும் அடிச்சாச்சு, அந்த லைன்ல ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சலா இருந்த நாலு பேருக்கும் ஸ்ட்ரிப் போட்டுப் பாத்தோம், நாலும் நெகட்டிவ்.